இறக்கத்தில் பிடிக்காத எக்ஸாஸ்ட் பிரேக்: மூடாமல் போன கடைசி டிகிரிகள்

வண்டி ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லாரி, பழைய மெக்கானிக்கல் பம்ப் வகை. எக்ஸாஸ்ட் பிரேக்கின் பட்டர்ஃப்ளை வால்வு டர்போவுக்குப் பின்னால், சைலன்சருக்குப் போகும் 100 மி.மீ. குழாயில் இருக்கிறது. ஓட்டுநர் சொன்ன புகார் இது: "அண்ணே, காலையில வண்டி எடுத்ததும் வர்ற சின்ன இறக்கத்துல நல்லாத்தான் பிடிக்குது. லோடோட மேடு ஏறி முடிச்சு நீள இறக்கத்துல விட்டா, ஸ்விட்ச் போட்டதே தெரியல. பாதி இறங்கினா இன்னும் மோசம். காத்து முள் சரியாத்தான் நிக்குது."

இந்த நாலு வாக்கியத்திலேயே பாதித் தகவல் இருக்கிறது. வண்டி குளிர்ந்திருக்கும்போது வேலை செய்கிறது, லோடோடு ஏறி எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடான பிறகு செய்யவில்லை என்றால், சூட்டில் ஏதோ இறுகுகிறது. பாதி இறக்கத்தில் இன்னும் மோசமாகிறது என்றால், கால் பிரேக்கை அடிக்கடி மிதிக்கும்போது காற்றும் குறைகிறது. முள் சரியாக நிற்கிறது என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டேஷ்போர்டில் இருக்கும் முள்கள் முன், பின் கால் பிரேக்கின் இரண்டு சர்க்யூட்டுகளைத்தான் காட்டுகின்றன. எக்ஸாஸ்ட் பிரேக்குக்குக் காற்று வருவது நாலு சர்க்யூட் புரொடக்‌ஷன் வால்விலிருந்து கிளம்பும் துணைச் சர்க்யூட்டில். அங்கே என்ன நடக்கிறது என்று ஓட்டுநருக்குக் காட்ட இந்த வண்டியில் எதுவும் இல்லை.

முதலில் அளக்க வேண்டியது எக்ஸாஸ்டில் உண்மையாக எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்பதைத்தான். எக்ஸாஸ்ட் பிரேக்கின் வேலையே அதுதான். வால்வு குழாயை அடைக்கிறது, மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது, வெளியேற்றும் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது, அந்த உழைப்பு சக்கரத்தைப் பிடிக்கிறது. அழுத்தம் சேராவிட்டால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. மேனிஃபோல்டில் இருந்த பிளக்கைக் கழற்றி, ஒரு மீட்டர் அளவு ஸ்டீல் குழாயைச் சுருளாக வளைத்து மாட்டி, அதன் முனையிலிருந்து ரப்பர் ஹோஸ் வழியாக 0–6 பார் கேஜை கேபினுக்குள் கொண்டுவந்தேன். சுருள் இல்லாமல் நேராக ஹோஸ் மாட்டினால் உருகிவிடும். லோடோடு மேடு ஏறி, இறக்கத்தில் இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் நிற்கும் கியரில் வைத்து ஸ்விட்சைப் போட்டோம். ஓட்டியது ஓட்டுநர், கேஜைப் பார்த்தது நான். முள் 1.2 பாரில் நின்றது. இந்த இன்ஜினுக்கு அந்த வேகத்தில் 3 பார் வர வேண்டும் என்று சர்வீஸ் கையேடு சொல்கிறது.

அழுத்தம் குறைய ஒரு எளிய காரணமும் உண்டு. வால்வு சரியாக மூடினாலும் அதற்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டோ டர்போ ஃபிளாஞ்சோ ஒழுகினால் இதே அளவுதான் வரும். ஒழுகும் இடத்தில் கரிக் கோடு தெரியும், பிரேக் போடும்போது சீறும் சத்தமும் கேட்கும். இதில் இரண்டும் இல்லை. பிரேக் போட்டதும் டீசலை நிறுத்தும் சின்ன ஏர் சிலிண்டர் பம்பின் ஸ்டாப் லீவரை முழுக்க இழுக்கிறதா என்றும் பார்த்தேன். அது இழுத்தது. ஆகவே சந்தேகம் பட்டர்ஃப்ளை வால்வுக்கும், அதை இயக்கும் காற்றுக்கும், நடுவில் இருக்கும் லிங்கேஜுக்கும் வந்து நின்றது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டறையில் நடக்கும் தவறான முடிவுகள் பெரும்பாலும் இது தெரியாமல்தான். வண்டியை நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டு, கீழே குனிந்து பார்த்தால் லீவர் நன்றாக அசைவது தெரியும். "அசையுதே, அப்ப வேலை செய்யுது" என்று எழுந்துவிடுவார்கள். ஆனால் பட்டர்ஃப்ளை வால்வு முக்கால்வாசி மூடியிருப்பதில் எந்தப் பயனும் இல்லை. அழுத்தம் சேர்வது கடைசி 10, 15 டிகிரியில்தான். தட்டு குழாய்க்குச் செங்குத்தாக மூடும் வகையில், மீதமிருக்கும் இடைவெளி ஏறக்குறைய குழாயின் பரப்பை (1 − cos θ) ஆல் பெருக்கியது. θ என்பது முழு மூடலுக்கு இன்னும் பாக்கியிருக்கும் கோணம். 100 மி.மீ. குழாயின் பரப்பு 7850 சதுர மி.மீ. இந்தத் தட்டில் இன்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடாமல் இருக்க உற்பத்தியாளரே போட்ட 12 மி.மீ. துளை ஒன்று இருக்கிறது, அதன் பரப்பு 113. தட்டு 9 டிகிரி குறையாக நின்றால் கூடுதல் இடைவெளி சுமார் 97. அதாவது துளையே கிட்டத்தட்ட இரண்டாகிவிடுகிறது. 16 டிகிரி குறைந்தால் கூடுதல் 300-ஐத் தாண்டும், மொத்தக் கசிவு வழி இருக்க வேண்டியதைப் போல நாலு மடங்குக்குப் பக்கம். கண்ணால் பார்த்தால் 9 டிகிரிக்கும் 0 டிகிரிக்கும் வித்தியாசமே தெரியாது.

அதனால் கண்ணை நம்பாமல் குறி போட்டேன். லிங்கேஜை வால்வு லீவரிலிருந்து கழற்றிவிட்டு, குளிர்ந்த நிலையில் லீவரைக் கையால் மூடும் ஸ்டாப் வரை கொண்டுபோய், லீவரிலும் வால்வு உடலிலும் ஒரே நேராகக் கோடு கீறினேன். திறந்த நிலைக்கும் அதே மாதிரி ஒன்று. பிறகு ராடு மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு, மூடும் ஸ்டாப் வரை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்தேன். குளிர்ந்திருக்கும்போது 9 கிலோ. இதுவே கொஞ்சம் அதிகம்தான். லிங்கேஜை மறுபடி மாட்டி, வண்டியை லோடோடு ஓட்டிச் சூடாக்கி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கனமான கையுறையோடு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது தராசு 30 கிலோ காட்டியது. 16 டிகிரி பாக்கி இருக்கும் இடத்திலேயே இறுக்கம் ஆரம்பித்து, ஸ்டாப் வரை அப்படியே இருந்தது.

சூட்டில் ஏன் இறுகுகிறது? ஷாஃப்ட் காந்தம் ஒட்டாத வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உடல் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அந்த ஸ்டீல் வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும். 12 மி.மீ. ஷாஃப்டில் 400 டிகிரி சூடு ஏறினால் இரண்டுக்கும் இடையிலான இடைவெளியில் 0.03 மி.மீ. அளவு காணாமல் போகும். சுத்தமான புதிய வால்வில் அதற்கும் சேர்த்தே இடம் விட்டிருப்பார்கள். கரியும் துருவும் அந்த இடத்தை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தால், சூட்டில் இறுகத்தான் செய்யும். வண்டி நின்ற பிறகு குழாய்க்குள் நீர்த்துளி படிந்து துரு பிடிப்பதும், மாதக்கணக்கில் பிரேக்கையே போடாமல் ஓட்டுவதும் இதை வேகப்படுத்தும். அடிக்கடி அசையும் வால்வு தன் கரியைத் தானே உரசித் தள்ளிவிடும்.

அடுத்தது காற்று. வால்வை இயக்கும் ஏர் சிலிண்டரின் நுழைவாயிலில் டீ இணைப்பு போட்டு ஒரு கேஜ் மாட்டினேன். துணை டேங்கில் இன்னொன்று. இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, ஸ்விட்சைத் தட்டினேன். டேங்கில் 7.8 பார். சிலிண்டரில் 4.4 பார், அங்கேயே நின்றது.

இந்த அளவு எதைச் சொல்கிறது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். வழியில் எங்கோ அடைப்பு என்று பார்ப்பவர் உடனே சொல்வார். ஆனால் இது முட்டுச் சந்து. சிலிண்டருக்குள் போன காற்று வேறெங்கும் போவதில்லை. அடைப்பு மட்டும் இருந்தால் காற்று மெதுவாகத்தான் வரும், ஆனால் சில விநாடிகளில் டேங்கின் அழுத்தத்தையே எட்டிவிடும். 4.4-இல் நிலையாக நிற்கிறது என்றால் ஒருபுறம் அடைப்பும் இருக்கிறது, மறுபுறம் கசிவும் இருக்கிறது. வந்துகொண்டிருப்பதும் போய்க்கொண்டிருப்பதும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. இதைச் சோதிக்க சிலிண்டரைக் கழற்றி டீயின் அந்த வாயை மூடினேன். முள் நிதானமாக ஏறி 7.6-க்குப் போனது. சிலிண்டரில் கசிவு உறுதி, ஏறிய வேகத்தைப் பார்த்தால் அடைப்பும் உறுதி.

இரண்டையும் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. சிலிண்டரை மாட்டி சோப்புத் தண்ணீர் தெளித்தால் ராடு வெளிவரும் பக்கத்தில் இருக்கும் மூச்சுத் துளையில் குமிழ் குமிழாக வந்தது. உள்ளே பிஸ்டன் சீல் எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்து கட்டையாகியிருந்தது. சிலிண்டருக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகட்டைக் காணோம். எப்போதோ துருப்பிடித்து விழுந்திருக்கிறது, யாரும் திரும்பப் போடவில்லை. அடைப்பு, ஸ்விட்ச் போட்டதும் சிலிண்டருக்குக் காற்றைத் திறந்துவிடும் சோலனாய்டு வால்வின் நுழைவாயில் வடிகட்டியில். கம்ப்ரசர் ஆயிலும் தண்ணீரும் கரியும் சேர்ந்த கறுப்புக் களி அதை முக்கால்வாசி அடைத்திருந்தது.

4.4 பார் என்பது டேங்கில் இருப்பதில் பாதிக்கு மேல்தானே, அதனால் என்ன என்று கேட்கத் தோன்றும். சிலிண்டர் போர் 35 மி.மீ., அதாவது பிஸ்டன் பரப்பு 9.6 சதுர செ.மீ. 7.6 பாரில் அது சுமார் 74 கிலோ தள்ளும். உள்ளே இருக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஸ்ட்ரோக்கின் கடைசியில் 15 கிலோ எதிர்க்கும். மீதி 59 கிலோ லீவருக்குக் கிடைக்கும். 4.4 பாரில் தள்ளுவது 43 கிலோ, அதே 15 கிலோவைக் கழித்தால் 28. ஸ்பிரிங் தள்ளுபடி தருவதில்லை. அழுத்தம் நாற்பது சதவீதம் குறைந்ததில் உபயோகமான விசை பாதிக்கும் கீழே போய்விட்டது. சூடான வால்வுக்கு வேண்டியது 30 கிலோ. இரண்டு கிலோ போதாமல் தட்டு 16 டிகிரியில் நின்றிருக்கிறது. காலையில் 9 கிலோ போதும் என்பதால் 28 தாராளம். ஓட்டுநர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. பாதி இறக்கத்தில் கால் பிரேக்கால் டேங்கே இறங்கும்போது சிலிண்டருக்கு 4.4-உம் கிடைக்காது, தட்டு இன்னும் முன்னாலேயே நின்றுவிடும்.

இத்தோடு முடிந்தது என்று வால்வைச் சுத்தம் செய்து, சீலை மாற்றி வண்டியை அனுப்பியிருந்தால் புகார் பாதிதான் தீர்ந்திருக்கும். குளிர்ந்த நிலையில், வெளியிலிருந்து முழு 7.6 பார் காற்றைச் சிலிண்டருக்கு நேராகக் கொடுத்துப் பார்த்தபோது பிஸ்டன் தன் ஸ்ட்ரோக்கின் முடிவுக்கே வந்துவிட்டது. ஆனால் லீவர் நான் கீறிய மூடல் கோட்டைத் தொடவில்லை. லீவரைக் கையால் தள்ளினால் இன்னும் போனது. லிங்கேஜில் ஆட்டம்.

எங்கே எவ்வளவு என்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். ஒரு கையால் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்து மறுபக்கத்தை ஆட்டினால் தேய்மானம் தெரிந்துவிடும். சிலிண்டரின் பின்புறக் கிளெவிஸ் பின்னும் அதன் துளையும் நீள்வட்டமாகத் தேய்ந்து 2 மி.மீ. ஆட்டம். ராடு முனையின் பால் ஜாயின்டில் 1. லீவர் ஷாஃப்டைப் பிடிக்கும் பல்லில் வந்த தளர்வு லீவர் முனையில் 2 மி.மீ. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவுமே பெரிதில்லை, "இது இருக்கட்டும்" என்று விடக்கூடிய அளவுதான். மொத்தம் 5. லீவர் நீளம் 45 மி.மீ., மூடும் முனையில் ராடு லீவரைச் சாய்வாகத் தள்ளுவதால் அங்கே 1 மி.மீ. இழப்பு கிட்டத்தட்ட 2 டிகிரிக்குச் சமம். 5 மி.மீ. போனால் 9 டிகிரி. மேலே சொன்ன கணக்கில் துளையை இரண்டாக்கிய அதே 9 டிகிரி. காலையில் "நல்லாத்தான் பிடிக்குது" என்று ஓட்டுநர் சொன்னதும் இந்தப் பாதிப் பிடிப்பைத்தான். முழுப் பிடிப்பு எப்படி இருக்கும் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

இந்த இடத்தில் பலர் செய்யும் ஒரு குறுக்குவழி உண்டு. பாகங்களை மாற்றாமல் ராடின் திருகைச் சுற்றி நீளத்தைக் கூட்டி, தட்டு ஸ்டாப்பைத் தொடும்படி வைப்பார்கள். மூடல் சரியாகிவிடும். ஆனால் ஆட்டம் எங்கும் போகவில்லை. சிலிண்டரின் ஸ்ட்ரோக்கில் 5 மி.மீ. எப்படியும் வீணாகத்தான் போகும், திருகைச் சுற்றியதால் அது மூடும் பக்கத்திலிருந்து திறக்கும் பக்கத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இப்போது பிரேக் போடாதபோது தட்டு முழுக்கத் திறக்காமல் குறுக்கே சாய்ந்து நிற்கும். மேடு ஏறும்போது இழுவை குறையும், எக்ஸாஸ்ட் சூடு கூடும், அந்தச் சூடு வால்வை இன்னும் இறுக்கும். அது போதாதென்று புகையின் துடிப்பில் தட்டு படபடத்து ஷாஃப்ட் புஷ்ஷையும் தின்னும். அதனால் ராடைத் தொடும் முன்பு ஆட்டத்தை ஒழிக்க வேண்டும்.

வேலை இப்படி நடந்தது. எக்ஸாஸ்ட் முழுக்க ஆறிய பிறகு, துணைச் சர்க்யூட்டின் காற்றை வடித்துவிட்டு வால்வு உடலைக் குழாயிலிருந்து இறக்கினேன். காற்று இருக்கும்போது தட்டின் பக்கம் விரல் போகக் கூடாது, யாராவது ஸ்விட்சைத் தட்டினால் விரல் மிஞ்சாது. ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் சூடு காட்டித்தான் அசைந்தன. உள்ளே கரியை மரச் சிராயாலும் கம்பி பிரஷ்ஷாலும் எடுத்தேன். ஷாஃப்டின் இரு முனையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, லீவரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் கறுப்புச் சாறு வெளியே வரும். அது தெளிவாக வரும்வரை செய்ய வேண்டும். ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் அடித்தால் முனை விரிந்து அப்புறம் ஜென்மத்துக்கும் வெளியே வராது. தட்டின் ஓரத்தை ராவக் கூடாது. ஓரத்துக்கும் உடலுக்கும் இருக்கும் இடைவெளி அளவோடு வைத்தது. ஷாஃப்டைக் குறுக்காக ஆட்டிப் பார்த்து, தட்டின் ஓரம் உடலில் உரசும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது வால்வையே மாற்றுவதுதான் வழி. இதில் அந்த அளவுக்கு இல்லை.

உயவுக்குச் சாதாரண கிரீஸோ ஆயிலோ விடவில்லை. எக்ஸாஸ்ட் சூட்டில் அது எரிந்து கரியாகி, எடுத்த கரியின் இடத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். நிக்கல் கலந்த உயர்வெப்பப் பேஸ்ட்டை ஷாஃப்ட் முனையில் மெல்லிசாகத் தடவினேன். உலர்ந்த கிராஃபைட்டும் போதும்.

சிலிண்டருக்குச் சீல் கிட், சோலனாய்டின் வடிகட்டி சுத்தம், அங்கிருந்து சிலிண்டர் வரை நைலான் குழாய் புதிது, காணாமல் போன தகடு ஒன்று வெட்டி வளைத்துப் பொருத்தியது. கிளெவிஸ் பின் புதிது, நீள்வட்டத் துளையை உருண்டையாக்கி புஷ் போட்டது, பால் ஜாயின்ட் புதிது, லீவரும் புதிது. எல்லாம் முடிந்த பின்புதான் ராடைச் சரிசெய்தேன். சிலிண்டர் தன் ஸ்ட்ரோக்கின் முடிவைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் தட்டு மூடல் ஸ்டாப்பைத் தொட வேண்டும். காற்றை விட்டதும் லீவர் திறந்த கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே அமைப்பில் கிடைத்தால்தான் லிங்கேஜ் சரி. கிடைத்தது.

சூடான நிலையில் தராசு இப்போது 7 கிலோ காட்டியது. சிலிண்டரில் 7.6 பார், ஒரு விநாடிக்குள். அதே இறக்கம், அதே கியர், 2000 ஆர்பிஎம்மில் மேனிஃபோல்டு கேஜ் 2.8 பார். கையேட்டின் 3-க்குக் கொஞ்சம் கீழே. ஓரளவு ஓடிய இன்ஜினுக்கு அது போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

அந்த மீதி 0.2-ஐயும் பிடிக்க தட்டின் துளையைச் சின்னதாக்கலாமே என்று ஓட்டுநர் கேட்டார். துளையை வெல்டிங்கில் அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். மேனிஃபோல்டு அழுத்தம் அளவு மீறினால் அது மூடியிருக்கும் எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பின்னாலிருந்து தள்ளித் திறக்கும். வால்வு ஸ்பிரிங் தாங்கும் எல்லையை வைத்துத்தான் அந்த 3 பாரை முடிவு செய்திருக்கிறார்கள். தாண்டினால் வால்வுகள் சீட்டில் அடித்துக்கொள்ளும், இன்ஜெக்டர் முனைகள் சூடேறும், ஐடிலில் இன்ஜின் நின்றும் போகலாம். அதனால் துளை அப்படியே இருக்கிறது. அதற்குப் பதிலாக அவருக்குக் காட்டிக் கொடுத்தது கேஜைத்தான்: அதே இறக்கத்தில் ஒரு கியர் மேலே போட்டு 1300 ஆர்பிஎம்மில் இறங்கினால் முள் பாதிக்குப் பக்கம்தான் போகிறது. கீழே ஒரு கியரில், இன்ஜினின் வேக வரம்புக்குள், 2000-ஐ ஒட்டி வைத்தால் கால் பிரேக்கை அவ்வப்போது மிதித்தாலே போதுமாக இருந்தது.

பாக்கி இருப்பது அந்தக் கறுப்புக் களி. அது சோலனாய்டில் பிறந்ததல்ல, கம்ப்ரசரிலிருந்து வந்தது. ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜைக் கழற்றியபோது அதுவும் ஆயிலில் ஊறியிருந்தது, மாற்றிவிட்டேன். டேங்குகளை வடித்தபோது தண்ணீரோடு ஆயிலும் வந்தது. அடுத்த ஆயில் மாற்றும்போது டேங்கை மறுபடி வடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் ஆயில் வந்தால் கம்ப்ரசர் ஹெட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.